சோப்புக் குமிழிக்கு 4T/r, நீர்த்துளிக்கு 2T/r: ஏன், எப்போது, எதுவரை?

கேள்வி: "நீர்த்துளிக்குள் மிகை அழுத்தம் 2T/r, சோப்புக் குமிழிக்குள் 4T/r என்று படித்தேன். ஏன் குமிழிக்கு மட்டும் இரண்டு மடங்கு? பெரிய குமிழிக்குள்தானே காற்று அதிகம், பிறகு சிறிய குமிழியில் அழுத்தம் அதிகம் என்பது எப்படி? இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் கடைசியில் ஒரே அளவுக்கு வந்துவிடாதா?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: துளிக்கு இருப்பது ஒரு பரப்பு, குமிழிக்கு இருப்பவை இரண்டு. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் வழி கிடைக்காது. 2T/r எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

r ஆரமுள்ள ஒரு நீர்த்துளியின் நடுவே ஒரு கிடைத்தளம் சென்று அதை மேல் பாதி, கீழ் பாதி எனப் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேல் பாதியை மட்டும் கவனிப்போம். அதைக் கீழ் பாதியோடு சேர்த்துப் பிடித்திருப்பது பரப்பு இழுவிசை. அது வெட்டிய வட்டத்தின் விளிம்பு நெடுகக் கீழ்நோக்கி இழுக்கிறது. விளிம்பின் நீளம் 2πr. ஒரு மீட்டர் விளிம்புக்கு T நியூட்டன் என்றால், மொத்த இழுப்பு 2πrT. மேல் பாதியைத் தள்ளிப் பிரிக்கப் பார்ப்பது உள்ளே இருக்கும் அழுத்தம். வெளியே இருப்பதைவிட உள்ளே எவ்வளவு அதிகமோ, அதை ΔP என்போம். அந்த மிகை அழுத்தம் வட்டமான வெட்டுமுகத்தின் πr² பரப்பளவு முழுவதிலும் மேல்நோக்கித் தள்ளுகிறது. துளி அசையாமல் இருக்கிறது என்றால் இரண்டும் சமம்:

ΔP × πr² = 2πr × T, ஆகவே ΔP = 2T/r

சோப்புக் குமிழியையும் இதேபோல வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் தெரிவது ஒரு மெல்லிய வளையம். வளையத்தின் உட்பக்கம் காற்று, வெளிப்பக்கம் காற்று, நடுவே சோப்பு நீர். நீரும் காற்றும் சந்திக்கும் இடமெல்லாம் பரப்புதான். எனவே உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று என இரண்டு விளிம்புகள் இழுக்கின்றன. இழுப்பு 2 × 2πrT ஆகிறது. தள்ளும் பரப்பளவு அதே πr². ஆகவே ΔP = 4T/r. படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால் உள் ஆரம், வெளி ஆரம் என்று இரண்டு எண்கள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதை வெளியிலிருந்து உள்ளே போகும் பாதையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெளிக்காற்றின் அழுத்தம் P₀. முதல் பரப்பைத் தாண்டிப் படலத்தின் நீருக்குள் வந்தால் P₀ + 2T/r. இரண்டாவது பரப்பையும் தாண்டி உட்காற்றுக்கு வந்தால் P₀ + 4T/r. வளைந்த ஒவ்வொரு பரப்பையும் கடக்கும்போது ஒரு 2T/r ஏறுகிறது. எப்போதும் குழிந்த பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். இந்தப் படிக்கட்டைப் புரிந்துகொண்டவர், தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கு எந்தச் சூத்திரம் என்ற கேள்வியில் ஏமாற மாட்டார். பெயர் குமிழிதான், ஆனால் அங்கே காற்றும் நீரும் சந்திப்பது ஒரே ஓர் இடத்தில். ஆகவே அதற்கு 2T/r. ஆழத்தால் வரும் hρg என்ற அழுத்தத்தை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் இதை அப்படியே கடந்துவிடுகின்றன. "குமிழியில் இரண்டு மடங்கு" என்பது இரண்டிலும் T ஒன்றாக இருந்தால் மட்டுமே சரி. உண்மையில் அப்படி இருப்பதில்லை. 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் T ஏறக்குறைய 0.073 நியூட்டன்/மீட்டர். சோப்புக் கரைசலில் அது சுமார் 0.025 வரை இறங்கிவிடுகிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளிக்குள் மிகை அழுத்தம் 2 × 0.073 / 0.001, அதாவது 146 பாஸ்கல். அதே ஆரமுள்ள சோப்புக் குமிழிக்குள் 4 × 0.025 / 0.001, அதாவது 100 பாஸ்கல்தான். சூத்திரத்தில் பெரிய எண் இருந்தும், குமிழிக்குள் அழுத்தம் துளியைவிடக் குறைவு! கணக்குப் போடுமுன் எத்தனை பரப்பு என்று எண்ணுவதைப் போலவே, எந்தத் திரவத்தின் T என்றும் கேட்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மேலே எழுதிய சமன்பாட்டில் இடப்பக்கம் தள்ளும் பரப்பளவு. அது r²-ஐப் பொறுத்தது. வலப்பக்கம் இழுக்கும் விளிம்பு. அது r-ஐப் பொறுத்தது. ஆரம் இரண்டு மடங்கானால் விளிம்பின் இழுப்பு இரண்டு மடங்கு, ஆனால் அழுத்தத்துக்குக் கிடைக்கும் இடம் நான்கு மடங்கு. ஆகவே அதே சமநிலைக்குப் பாதி அழுத்தம் போதும். பெரிய குமிழியில் அழுத்தம் குறைவதற்கு இவ்வளவுதான் காரணம்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: T மாறாமல் இருக்க வேண்டும். ரப்பர் பலூனை நினைத்துக்கொண்டு இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். ரப்பரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அதன் இறுக்கம் மாறும். திரவப் பரப்பு அப்படிப்பட்டதல்ல. பரப்பு விரியும்போது அங்கே ஏற்கெனவே இருந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பதில்லை. உள்ளிருந்து புதிய மூலக்கூறுகள் மேலே வந்து இடத்தை நிரப்புகின்றன. எனவே விரிந்த பரப்பும் பழைய பரப்பைப் போலவே இருக்கிறது, T-யும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

"பெரிய குமிழியில்தானே காற்று அதிகம்" என்ற ஐயம் நியாயமானதுதான். மொத்தக் காற்று அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அழுத்தம் மொத்தக் காற்றைப் பொறுத்ததல்ல. ஒரே வெப்பநிலையில் அது எவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த நெருக்கத்தின் வேறுபாடு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 1 செ.மீ. ஆரமுள்ள சோப்புக் குமிழியில் மிகை அழுத்தம் 4 × 0.025 / 0.01 = 10 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். ஆக, குமிழிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அடர்த்தி கூடியது.

இதிலிருந்து தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. r₁, r₂ ஆரமுள்ள இரு குமிழிகள் வெப்பநிலை மாறாமல் இணைந்தால் r² = r₁² + r₂² என்று ஒரு சூத்திரம் பயிற்சி நூல்களில் இருக்கும். அது வெற்றிடத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யும் கணக்குக்கு மட்டுமே. அங்கே வெளியழுத்தம் சுழி. உள்ளே இருப்பது 4T/r மட்டும். நம் அறையில் வெளியழுத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்று அமுங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; கன அளவுகள் கூடுகின்றன. 2 செ.மீ. ஆரமுள்ள இரு குமிழிகள் அறையில் இணைந்தால் புதிய ஆரம் 2.52 செ.மீ.; வெற்றிடச் சூத்திரம் 2.83 செ.மீ. என்று சொல்லும். கேள்வியில் 'வெற்றிடத்தில்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தச் சூத்திரத்தைத் தொட வேண்டும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பில் மிக அழகான பகுதி இதுதான். 5 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு குழாயின் ஒரு முனையில் 1 செ.மீ. ஆரமுள்ள குமிழி, மறுமுனையில் 3 செ.மீ. ஆரமுள்ள குமிழி, நடுவில் மூடிய வால்வு. சிறியதில் மிகை அழுத்தம் 10 பாஸ்கல், பெரியதில் 3.3 பாஸ்கல். வால்வைத் திறந்தால் காற்று அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அதாவது சிறியதிலிருந்து பெரியதுக்கு. சிறியது சுருங்கச் சுருங்க அதன் அழுத்தம் ஏறுகிறது. 5 மி.மீ. ஆரத்துக்கு வரும்போது அது 20 பாஸ்கல். பெரியதன் அழுத்தமோ மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. வேறுபாடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அதனால் முதலில் மெதுவாகச் சுருங்கும் குமிழி, கடைசியில் சட்டென்று வற்றிவிடுகிறது. சமமாவதற்கு நேர் எதிரானது நடக்கிறது.

ஆனால் சிறிய குமிழி முற்றிலும் மறைந்துவிடும் என்று எழுதினால் அதுவும் தவறு. குழாயின் வாயில் படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? குமிழி சுருங்கி, குழாய் வாயின் மீது சரியாக ஓர் அரைக்கோளமாக நிற்கும் கணத்தில் அதன் ஆரம் 2.5 மி.மீ.; அழுத்தம் 40 பாஸ்கல். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு காற்று வெளியேறினால் அரைக்கோளம் தட்டையாகிறது. தட்டையான குவிமாடத்தின் வளைவு ஆரம் சிறிதல்ல, பெரிது. எனவே அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. 20, 10, 5 என்று இறங்கி, பெரிய குமிழியின் அழுத்தத்தைத் தொட்டதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. அந்த நிலையில் இரண்டு பக்கத்தின் வளைவு ஆரமும் ஒன்றே.

எண்களையும் போட்டுப் பார்ப்போம். 3 செ.மீ.யின் கனம் 27, 1 செ.மீ.யின் கனம் 1, கூட்டினால் 28, அதன் கனமூலம் 3.04. ஆக, பெரிய குமிழி 3 செ.மீ.யிலிருந்து 3.04 செ.மீ.க்குத்தான் வளர்ந்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. சிறியது இருந்த இடத்தில், 3.04 செ.மீ. வளைவு ஆரமுள்ள ஒரு மூடி குழாய் வாயில் நிற்கிறது. அதன் நடுப்பகுதி விளிம்பைவிட எவ்வளவு உயர்ந்திருக்கும்? (0.25)² / (2 × 3.04) = 0.01 செ.மீ., அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர். பார்வைக்குத் தட்டையான படலம்தான். ஆனால் உண்மையில் அது தட்டையாக இல்லை; அந்தச் சிறிய வளைவுதான் பெரிய குமிழியின் 3.3 பாஸ்கலைத் தாங்கி நிற்கிறது.

"இரண்டும் தொடக்கத்திலேயே ஒரே அளவாக இருந்தால்?" என்று கேட்கலாம். சமநிலைதான், ஆனால் நிலையற்ற சமநிலை. ஒரு பக்கம் கடுகளவு சுருங்கினாலும் அதன் அழுத்தம் கூடும், இன்னும் சுருங்கும். பழைய நிலைக்குத் திரும்பாது.

இதை வீட்டிலேயே செய்யலாம். மீன்தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாய், T வடிவ இணைப்பு, மூன்று சிறு வால்வுகள் போதும். நடு வழியாக ஊதி, ஒரு முனையில் சிறிய குமிழி, மறுமுனையில் பெரிய குமிழி என ஒவ்வொன்றாக உருவாக்கி, ஊதிய வழியை மூடிவிட்டு மற்ற இரண்டு வால்வுகளையும் திறக்க வேண்டும். கரைசலில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் படலம் சீக்கிரம் உலராது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் எங்கே பிழை என்று குமிழிகளே காட்டிவிடும். இரண்டும் ஒருசேரச் சுருங்கினால், ஊதிய வழி சரியாக மூடப்படாமல் காற்று வெளியே கசிகிறது. இரண்டும் அசையாமல் நின்றால், குழாய்க்குள் சோப்பு நீர் தேங்கி வழியை அடைத்திருக்கிறது. இங்கே ஓட்டத்தை உண்டாக்கும் அழுத்த வேறுபாடு சில பாஸ்கல்தான் என்பதால், குறுகிய குழாயில் நிற்கும் ஒரு சொட்டு நீரே போதும் அதைத் தடுக்க.

அந்தச் சில பாஸ்கலை அளக்க முடியுமா என்றால், முடியும், ஆனால் நேராக நிற்கும் U குழாயால் முடியாது. 2 செ.மீ. ஆரமுள்ள குமிழியின் 5 பாஸ்கல், நீர் மட்டத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைத்தான் உண்டாக்கும். குழாயைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து வைத்தால் அதே அரை மில்லிமீட்டர் குழாய் நெடுக ஐந்து மில்லிமீட்டராக நீண்டு தெரியும். குமிழியின் விட்டத்தையும் அளந்துவிட்டால், அதிலிருந்து சோப்புக் கரைசலின் T-யைக் கணக்கிடலாம்.

2T/r செல்லுபடியாகும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். துளி முழுக் கோளமாக இருந்தால்தான் ஒரே r என்று பேச முடியும். 1 மி.மீ. ஆரமுள்ள நீர்த்துளியில் மேலுக்கும் அடிக்கும் இடையே எடையால் வரும் அழுத்த வேறுபாடு சுமார் 20 பாஸ்கல். பரப்பு இழுவிசை தருவதோ 146 பாஸ்கல். எனவே துளி ஏறக்குறைய உருண்டையாகவே இருக்கிறது. மேசை மீது 5 மி.மீ. ஆரத்துக்குத் துளியை வளர்த்தால் நிலைமை தலைகீழ். எடை வென்று துளி தட்டையாகிவிடும். நீரைப் பொறுத்தவரை 2.7 மி.மீ. என்ற நீளம்தான் இந்த இரண்டு ஆட்சிகளுக்கும் இடையிலான எல்லை. உருண்டையாக இல்லாத பரப்புக்கு T(1/R₁ + 1/R₂) என்ற பொது வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். 1805-இல் தாமஸ் யங்கும் 1806-இல் லாப்லாஸும் தனித்தனியே வந்தடைந்த முடிவு அது. R₁, R₂ இரண்டும் சமமானால் நமது 2T/r கிடைத்துவிடும். எதிர்த்திசையில், மூடுபனித் துளியைப் போல 10 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு இறங்கினால் மிகை அழுத்தம் 14,600 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. அங்கே எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

T மாறாது என்ற நிபந்தனையை நினைவில் வைக்கச் சொன்னேன். அது உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஒவ்வொருவரின் நெஞ்சுக்குள்ளும் சான்று இருக்கிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகள் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆரமுள்ளவை, அவற்றின் உட்புறம் மெல்லிய நீர்ப்படலம். காற்றைத் தொடும் பரப்பு ஒன்றுதான், ஆகவே இங்கே 2T/r. அந்தப் படலம் வெறும் நீராக இருந்தால் மிகை அழுத்தம் 1,400 பாஸ்கலைத் தாண்டும். மூச்சை வெளியே விட்டு ஆரம் குறையும்போது இன்னும் ஏறும். குழாயால் இணைத்த குமிழிகளின் கதைதான் இங்கும்: சிறிய அறைகள் தம் காற்றைப் பெரிய அறைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும்.

அப்படி நடக்காமல் காப்பது, நுண்ணறைச் சுவரின் செல்கள் சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்பும் புரதமும் கலந்த பொருள். அது T-யைக் குறைக்கிறது என்பதோடு முடிந்துவிடவில்லை. அறை சுருங்கும்போது பரப்பில் அதன் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. அப்போது T இன்னும் இறங்குகிறது. உதாரணத்துக்கு, ஆரம் பாதியாகும்போது T மூன்றில் ஒன்றாக இறங்கினால், T/r மூன்றில் இரண்டாகிவிடுகிறது. சிறிய அறையில் அழுத்தம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. காற்று ஓடும் திசையே மாறிவிடுகிறது. T-யை எப்போதும் ஒரே அளவில் குறைத்து வைக்கும் பொருளால் இதைச் செய்ய முடியாது. எண்களை மட்டும் சிறிதாக்கலாம், சிறிய அறை வற்றுவதைத் தடுக்க முடியாது.

நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் நிரப்பி விரிப்பதற்குக் குறைந்த அழுத்தம் போதும் என்று 1929-இல் கூர்ட் ஃபான் நீர்கார்ட் காட்டினார். திரவத்தால் நிரப்பினால் காற்று-நீர்ப் பரப்பே இல்லாமல் போகிறது. ஆகவே மீதி அழுத்தம் பரப்பு இழுவிசைக்காகச் செலவாகியது என்பது அதன் பொருள். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் T போதிய அளவு இறங்கவில்லை என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் கண்டறிந்தார்கள். அந்தக் குழந்தைகளின் நுரையீரல் இந்தப் பொருளை இன்னும் போதுமான அளவு சுரக்கத் தொடங்கியிருக்கவில்லை. 1980-இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாராவின் குழு, மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டது.

இங்கும் ஒரு வரம்பு உண்டு. நுண்ணறைகள் குழாய் முனையில் தனித்தனியே தொங்கும் குமிழிகள் அல்ல; அடுத்தடுத்த அறைகளுக்குச் சுவர் பொது. ஓர் அறை சுருங்கப் பார்த்தால் சுற்றியுள்ள சுவர்கள் அதை இழுத்து விரித்துப் பிடிக்கின்றன. எனவே 2T/r கணக்கு, சர்ஃபாக்டன்ட் இல்லாவிட்டால் நுரையீரல் எந்தத் திசையில் கெடும் என்பதைச் சரியாகச் சொல்லும். எந்த அறை எந்தக் கணத்தில் மூடும் என்பதைச் சொல்லாது.